புதுப்பிப்பு: ஒரே கிராஃப், இரண்டு டி.எஃப்.எஸ் விடை

போன வாரம் நான் கேட்டது: "குவிஸில் A-இலிருந்து டி.எஃப்.எஸ் வரிசை கேட்டார்கள். நான் A B D C E, தோழி A C D E B. யார் சரி?"

```
A: B C
B: A D
C: A D
D: B C E
E: D
```

சுங்கை சிப்புட் அக்கா சொன்னபடி கையால் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே ஆழமாய்ப் போய்த் திரும்பும் வரிசைதான். அகர வரிசையில் அண்டை முனைகளை எடுக்கச் சொல்லியிருந்தால் என்னுடையது மட்டும்தான் நிற்கும். தோழி ஸ்டாக்கில் B, C என்று போட்டாள். கடைசியாகப் போன C முதலில் வெளியே வந்துவிட்டது. C, B என்று தலைகீழாகப் போட்டால் என் விடையே வரும்.

பி.எஃப்.எஸ்-ஐ டி.எஃப்.எஸ் ஆக்க, "கியூவை எடுத்துட்டு ஸ்டாக்கை வை, முடிஞ்சது" என்ற தம்பி பாதி சரி. கியூவில் முனையை உள்ளே போடும்போதே பார்த்ததாகக் குறிக்கலாம், பி.எஃப்.எஸ் A B C D E சரியாக வரும். ஸ்டாக்கில் அப்படிச் செய்தால், தலைகீழாகப் போட்டாலும் A B D E C வருகிறது. A-இல் நிற்கும்போதே C-ஐக் குறித்துவிட்டதால் D அதைத் தாண்டி E-க்குப் போய்விடுகிறது. வெளியே எடுக்கும்போது குறியுங்கள்.

எஸ்டேட் லாரிக்குக் குறுக்கு வழி கேட்ட அண்ணே, பி.எஃப்.எஸ் சாலைகளின் எண்ணிக்கையைத்தான் குறைக்கும், கிலோமீட்டரை அல்ல.

கேள்வித்தாளில் அகர வரிசை என்று எழுதவே இல்லை. தோழிக்கு மதிப்பெண் உண்டா என்று விரிவுரையாளர் இன்னும் சொல்லவில்லை.