பாடும்போது கிளிக் கசிகிறது, மிக்ஸ் செய்தால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி கூடிவிடுகிறது: ஹெட்போன் ஓப்பன் பேக்கா, குளோஸ்டு பேக்கா?

தஞ்சை_வீட்டுப்பதிவு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் ஓர் அறையில், இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஓர் இன்டர்ஃபேஸையும் ஒரு கண்டென்சர் மைக்கையும் வைத்துக்கொண்டு, என் தங்கை பாடும் பக்திப் பாடல்களைப் பதிவு செய்து வருகிறேன். நான்கு ஆண்டுகளாக என்னிடம் இருப்பது, கிண்ணத்தின் பின்புறம் மூடிய ஒரே ஒரு குளோஸ்டு பேக் ஹெட்போன்தான். பாடும்போது தங்கை அதையே அணிகிறாள். இரவில் நான் மிக்ஸ் செய்வதும் அதில்தான். ஹெட்போனில் கேட்கும்போது மிருதங்கம் மெலிந்து ஒலிப்பதால், அடித்தொனி தரும் தொப்பிப் பக்கத்தைச் சற்று உயர்த்துகிறேன். மறுநாள் மாமாவின் காரில் போட்டுக் கேட்டால், தொப்பி குரலையே விழுங்கும் அளவுக்குக் குமுறுகிறது.

சென்ற வாரம் ஒரு நண்பரிடமிருந்து, பின்புறம் திறந்த ஓப்பன் பேக் ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கினேன். அதில் செய்த மிக்ஸ் காரிலும் ஏறக்குறைய அதே சமநிலையில் கேட்டது. மூன்று மணி நேரம் அணிந்திருந்தும் காது வேர்க்கவில்லை. ஆனால் அதையே தங்கைக்கு அணிவித்துப் பதிவு செய்தபோது, வரிகளுக்கு இடையே அவள் மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம், தாளத்துக்காக அவள் காதில் ஓடவிடும் கிளிக் ஒலி மைக்கில் ஏறியிருந்தது.

இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒன்று மட்டுமே வாங்க முடியும். இரண்டு வேலைக்கும் பொதுவாக செமி ஓப்பன் வகையை வாங்கிவிடலாமா? நான் மூக்குக்கண்ணாடி அணிபவன் என்பதையும், இரவில் மின்விசிறி இல்லாமல் அந்த அறையில் உட்கார முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பீட்_மதுரை

நண்பரே, ஓப்பன் பேக்கில் அடிப்பகுதி ஒலி சரியாக வராது. நான் மின்னணு இசை செய்பவன். ஓப்பன் பேக்கை நம்பி கிக் ஒலியின் அடியை இரண்டு முறை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறேன். பேஸை நம்பிக்கையுடன் கேட்க வேண்டும் என்றால் குளோஸ்டு பேக் தவிர வேறு வழியில்லை. இப்போது இருப்பதைவிடத் தரமான குளோஸ்டு பேக் ஒன்றை வாங்குங்கள். இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

பயணி_கோவை

நானும் இதே குழப்பத்தில்தான் இருந்தேன். தினமும் திருப்பூருக்கு ரயிலில் போய் வருகிறேன். சத்தம் நீக்கும் வசதி உள்ள வயர்லெஸ் ஹெட்போன் வாங்கிய பிறகு வெளிச்சத்தம் துளியும் கேட்பதில்லை. உங்கள் மின்விசிறிப் பிரச்சினைக்கும் அது உதவுமே?

ஒலி_பொறியாளர்_சென்னை

பயணி அவர்களே, பயணத்துக்கு நீங்கள் வாங்கியது பொருத்தமானதுதான். ஆனால் ப்ளூடூத் வழியாக வரும் ஒலி தாமதமாக வந்து சேரும். தன் குரலே பின்தங்கி ஒலிக்கும்போது பாடகரால் தாளத்தில் நிற்க முடியாது. பதிவுக்கு வயர் உள்ள ஹெட்போனே வேண்டும்.

தஞ்சை நண்பருக்கு: உங்கள் இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறுவேறு என்று நினைக்கிறேன். முதலில் தொப்பியை எடுத்துக்கொள்வோம். குளோஸ்டு பேக் ஹெட்போனின் அடிப்பகுதி ஒலி, காதைச் சுற்றிப் பஞ்சு காற்றுப் புகாமல் படிவதை நம்பியே நிற்கிறது. கண்ணாடியின் கம்பி அந்தப் பஞ்சைச் சிறிது தூக்கிப் பிடித்தாலும், அந்த இடைவெளி வழியே முதலில் வெளியேறுவது அடிப்பகுதி ஒலிதான். நான்கு ஆண்டுப் பஞ்சு விறைத்து, மேல்தோல் வெடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நீங்கள் குறைவாகக் கேட்டீர்கள், அதனால் கூட்டினீர்கள். கார் உள்ளதை உள்ளபடி காட்டியது. இதை இன்றிரவே சோதிக்கலாம். தொப்பி நன்றாக ஒலிக்கும் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கண்ணாடியுடன் கேளுங்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்திக் கேளுங்கள். தொப்பி சட்டெனப் பருத்தால் குற்றம் ஹெட்போனின் வகையில் இல்லை, அது படியும் விதத்தில் இருக்கிறது.

பீட் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. பெரும்பாலான ஓப்பன் பேக் ஹெட்போன்களில் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிந்துகொண்டே போகும். அந்த ஆழத்தில் உயிர் வைத்திருக்கும் மின்னணு இசைக்கு அது உண்மையான குறை. ஆனால் மிருதங்கத்தின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. ஓப்பன் பேக்கில் காற்று அடைபட்டிருப்பதில்லை என்பதால், கண்ணாடி அணிந்தாலும் அணியாவிட்டாலும் ஒலி பெரிதாக மாறாது. குறை இருந்தாலும் அது தினமும் ஒரே குறையாக இருக்கும். அதைப் பழகிக்கொண்டு வேலை செய்யலாம்.

செமி ஓப்பனைப் பொறுத்தவரை, மைக்குக்கு முன்னால் அணியும்போது அதை ஓப்பன் பேக்காகவே கருதுங்கள். கசிவு கொஞ்சம் குறையலாம். ஆனால் கண்டென்சர் மைக் அந்தக் கொஞ்சத்தைப் பொருட்படுத்தாது.

பாடகி_திருச்சி

பாடுபவளாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். குளோஸ்டு பேக்கை இரு காதிலும் அணிந்தால் என் குரல் தலைக்குள்ளேயே குமுறுவது போல இருக்கும். மேல் ஸ்தாயியில் சுருதி இம்மியளவு விலகிவிடுகிறது. அதனால் வலது காதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பாடுவேன். உங்கள் தங்கையும் அப்படிச் செய்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் எந்த வகை ஹெட்போனாக இருந்தாலும் கசியத்தான் செய்யும்.

ஒலி_பொறியாளர்_சென்னை

மிக முக்கியமான குறிப்பு, அம்மா. காதைவிட்டு நகர்த்திய கிண்ணம், மைக்கை நோக்கி வைத்த ஒரு சிறு ஸ்பீக்கர்தான். அப்படிப் பாடுபவர்களுக்கு, இன்டர்ஃபேஸின் மிக்ஸர் மென்பொருள் இடம் கொடுத்தால், கிளிக்கையும் வாத்தியங்களையும் முழுவதும் மூடிய காதின் பக்கமே திருப்பிவிட்டு மறுபக்கத்தை மௌனமாக்கிவிட வேண்டும்.

தஞ்சை நண்பரே, கசிவையும் அளந்து பாருங்கள். தங்கை ஹெட்போனை அணிந்து மைக் முன்னால் வழக்கமான தூரத்தில் வாய் திறக்காமல் நிற்கட்டும். அவர் பாடும்போது வைக்கும் அதே ஒலியளவில் கிளிக்கை ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். கிளிக் எந்த அளவில் ஏறியிருக்கிறது, பாடும்போது குரலின் உச்சம் எவ்வளவு என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மிக்ஸில் கம்ப்ரசர் போட்டு, குறைந்த அளவை ஈடுசெய்ய 8 டெசிபல் ஏற்றினால், கசிந்த கிளிக்கும் அதே 8 டெசிபல் மேலே வரும். பதிவின்போது காதில் படாத கிளிக் மிக்ஸில் எழுந்து நிற்பது இதனால்தான்.

தஞ்சை_வீட்டுப்பதிவு

இரண்டு சோதனைகளையும் செய்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி அழுத்தியதும் தொப்பி எழுந்து வந்தது. வேறு ஹெட்போன் போலவே ஒலித்தது. பஞ்சின் உள்விளிம்பிலும் இரண்டு இடங்களில் தோல் உரிந்திருக்கிறது.

கசிவுக் கணக்கு இது. குரலின் உச்சம் -10 டெசிபல் அளவில் இருக்கும்போது, ஓப்பன் பேக்கில் கிளிக் -47 அளவில் ஏறியது. என் பழைய குளோஸ்டு பேக்கில் -61. பழையதையே தங்கை நன்றாக இழுத்து அணிந்து, காதோரக் கூந்தலைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டபோது -66 வரை இறங்கியது. அதற்குக் கீழே மின்விசிறியின் இரைச்சல்தான் இருந்தது. அதைப் பதிவின்போது எப்படியும் நிறுத்திவிடுவோம். தங்கை கண்ணாடி அணிவதில்லை, காதைத் திறந்து வைப்பதும் இல்லை.

ஒலி_பொறியாளர்_சென்னை

அப்படியானால் விடை உங்கள் அளவுகளிலேயே இருக்கிறது. பழைய குளோஸ்டு பேக்குக்கு அதே மாதிரிக்கான பஞ்சு ஒரு ஜோடி வாங்கிப் போட்டு, அதைத் தங்கைக்கே விட்டுவிடுங்கள். வேறு தடிமனுள்ள பஞ்சைப் போட்டால் ஒலியின் தன்மையே மாறிவிடும் என்பதால் மாதிரி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மீதிப் பணத்தில் உங்களுக்கென்று ஓர் ஓப்பன் பேக்கை எடுங்கள். சென்ஹைசர் HD 600 போன்ற 300 ஓம் ஹெட்போனைப் பார்த்து, அதை இயக்கத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டுமோ என்று பலர் தயங்குவார்கள். மிக்ஸ் செய்யும் அளவுக்குப் பல இன்டர்ஃபேஸ்களே போதும். ஆனால் இரவல் வாங்கியதே உங்களுக்குப் பழகி, காரிலும் பொருந்தி வந்திருக்கும்போது, அதே மாதிரி உங்கள் தொகைக்குள் கிடைத்தால் அதையே வாங்குவதுதான் நல்லது.

இன்னொன்று. கூர்மையான கிளிக்குக்குப் பதிலாக, வழிகாட்டியாக வாசித்த மிருதங்கத்தையே தங்கைக்குக் கொடுத்துப் பாருங்கள். இறுதி மிக்ஸிலும் அதே வாசிப்பு இருக்குமானால், கசிந்தது அதற்குள்ளேயே மறைந்துவிடும். பிறகு மிருதங்கத்தை வேறொருவர் புதிதாக வாசிக்கப் போகிறார் என்றால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். குரல் டிராக்கில் பழைய வாசிப்பு மெலிதாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அடியும் இரட்டையாகக் கேட்கும்.

பீட்_மதுரை

கண்ணாடிக் கம்பியை நான் யோசிக்கவே இல்லை; ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஓடும் மின்விசிறிக்குக் கீழே ஓப்பன் பேக்கை அணிந்து மிக்ஸ் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ரிவர்ப் அடங்கும் இடத்தில் விசிறியின் இரைச்சல் மூடிக்கொள்ளும். அது கேட்கவில்லை என்று ஒலியை ஏற்றுவோம். ஏற்றியபடியே மூன்று மணி நேரம் உட்காருவோம்.

ஒலி_பொறியாளர்_சென்னை

அந்தக் கவலை நியாயமானது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான NIOSH, வேலையிடங்களுக்கு 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் என்று வரம்பு பரிந்துரைத்திருக்கிறது. அளவு 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிறது, 88-க்கு நான்கு மணி நேரம்தான். விசிறியை நிறுத்தி வைத்து, அருகில் ஒருவர் பேசுவது போன்ற அளவில் குரலை வைத்துக்கொண்டு, ஒலியளவுக் குமிழில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். விசிறி ஓடும்போது கை அந்தக் கோட்டைத் தாண்டத் துடித்தால், அன்றைய வேலையைச் சமநிலை பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, ரிவர்ப் அளவை விசிறி நின்ற பிறகு பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் எங்கள் அறையில் குளிர்சாதனம் இருக்கிறது. மே மாதத் தஞ்சாவூரில் இது எவ்வளவு நேரம் சாத்தியம் என்று நான் சொல்ல முடியாது.

தஞ்சை_வீட்டுப்பதிவு

பஞ்சுக்கு இன்று சொல்லிவிட்டேன். ஓப்பன் பேக்கை நண்பர் இன்னும் பத்து நாள் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரே பாடலை விசிறியுடன் ஒரு முறையும், விடியற்காலை நான்கு மணிக்கு விசிறி இல்லாமல் ஒரு முறையும் மிக்ஸ் செய்து, இரண்டையும் காரில் கேட்கப் போகிறேன். குமிழில் கோடும் போட்டாயிற்று. ரிவர்ப் அளவு இரண்டிலும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை இங்கேயே எழுதுகிறேன்.