மாதவிடாய் நிற்கும் முன் வரும் மாற்றங்கள்: வீட்டாருக்கான குறிப்புக்கு உதவி வேண்டும்

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி வீட்டாருக்காக ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறோம்.

46 வயதுப் பெண் என்று வையுங்கள். 28 நாளுக்கு ஒருமுறை வந்தது 24 ஆகிறது, அடுத்தது 38. இப்படி ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 7 நாளோ அதற்கு மேலோ முன்பின்னாவது திரும்பத் திரும்ப நடந்தால், மாற்றம் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி இறங்குவதால் இரவு 3 மணிக்கு வியர்த்து விழிப்பு வரும். காலையில் பாத்திரச் சத்தம்கூட எரிச்சலாகும். வீட்டிலோ, "இப்பல்லாம் உனக்கு எதுக்கெடுத்தாலும் கோபம்" என்கிறார்கள். முந்தைய இரவு யார் கண்ணிலும் படுவதில்லை. அதனால்தான் மாதவிடாய்த் தேதி, விழித்த நேரம், மறுநாள் மனநிலை மூன்றையும் 3 மாதம் குறிக்கச் சொல்கிறோம். மணிக்கொரு நாப்கின் நனைந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதைக் கணவரிடமும் பிள்ளைகளிடமும் எப்படிச் சொல்வீர்கள்? வீட்டில் பேசுகிற வார்த்தைகளிலேயே ஓரிரு வரி எழுதித் தாருங்கள்.