அவசர உதவி: பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்துமா? ஒரு குழுவுக்கு எரிகிறது, இன்னொரு குழுவுக்கு எரியவில்லை

ஆறாம்வகுப்பு டீச்சர்
வணக்கம். நாளை முதல் பீரியடுக்குள் பதில் தேவை. பேட்டரி, பல்பு, வயர் கொடுத்து, எதெல்லாம் கடத்தி என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொன்னேன். ஆணி, ஸ்பூன், ஸ்கேல், ரப்பர் எல்லாம் சரியாக வந்தன. பென்சில் கரியில்தான் சண்டை. ஒரு குழு "எரியுது மிஸ்" என்கிறது, இன்னொரு குழு "எரியவே இல்லை" என்கிறது. பென்சிலை மாற்றிக் கொடுத்துப் பார்த்தும் அதே முடிவுதான். ஒரு சாவியும் எரியவில்லை, அது வேறு கதை. நாளை கரும்பலகையில் கடத்தி என்று எழுதுவதா, கடத்தாது என்று எழுதுவதா?

சால்டர்புகை
கிராஃபைட் கடத்தி. பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இழை தொடங்குவதற்கு முன் ஒரு முறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

ஆறாம்வகுப்பு டீச்சர்
புத்தகத்தில் இருப்பது தெரியும் சார். பிள்ளைகள் கண்ணால் பார்த்தது எரியவில்லை என்பதை. "புத்தகம் சொல்கிறது, நம்பு" என்று சொல்வதற்கு இந்தச் சோதனையே வேண்டாமே.

கரிக்கோல்
பென்சிலில் இருப்பது சுத்தமான கிராஃபைட் இல்லை டீச்சர், களிமண்ணும் கலந்திருக்கும். எச்.பி.யில் களிமண் அதிகம், 6பி-யில் குறைவு. 6பி வாங்குங்கள், பிரச்சினை தீர்ந்தது.

பழையரேடியோ
களிமண் விஷயம் சரிதான். ஆனால் டீச்சர் பென்சிலை மாற்றிக் கொடுத்தும் அதே முடிவு வந்ததாகச் சொல்கிறாரே, அப்படியென்றால் குற்றவாளி பென்சில் இல்லை. டீச்சர், மூன்று விஷயம் சொல்லுங்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே பல்புதானா? ஒவ்வொரு குழுவிடமும் எத்தனை பேட்டரி? வயரைக் கரியின் இரண்டு நுனியிலும் வைத்தார்களா, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்களா?

ரெண்டுபிள்ளைஅம்மா
எங்கள் வீட்டிலும் இதே கதைதான்! மகள் செய்த சர்க்யூட் எரியவே இல்லை. இரண்டு மணி நேரம் போராடிய பிறகு எல்.இ.டி.யின் கால்களைத் திருப்பி மாட்டினோம், எரிந்தது. நீங்களும் திருப்பிப் பாருங்கள் டீச்சர்.

பழையரேடியோ
அவர்களுக்கு ஆணி வைத்தால் எரிகிறது அம்மா. கால் மாறியிருந்தால் ஆணிக்கும் எரிந்திருக்காது.

ஆறாம்வகுப்பு டீச்சர்
மன்னிக்கவும், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டார்ச் பல்பு போதவில்லை. அதனால் எரியாத குழுவிடம் டார்ச் பல்பும் ஒரு பேட்டரியும். எரிந்த குழுவிடம் சிவப்பு எல்.இ.டி.யும் இரண்டு பேட்டரியும். வெளிச்சம் வருவதுதானே முக்கியம் என்று நினைத்துவிட்டேன். கரி முழுநீளம், இரண்டு பக்கமும் சீவியது, நுனிக்கு நுனி.

பழையரேடியோ
அதில்தான் இருக்கிறது முழுக் கதையும். டார்ச் பல்பின் அடியில் பொதுவாக 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று பொறித்திருக்கும். அது முழுதாக எரிய 0.3 ஆம்பியர் வேண்டும். உங்களிடம் ஒரே பேட்டரி, 1.5 வோல்ட். நேரடியாக இணைத்தாலே கொஞ்சம் மங்கலாகத்தான் எரிந்திருக்கும்.

இப்போது நடுவில் கரி. என்னிடம் இருக்கும் எச்.பி. பென்சிலை இப்போதுதான் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். நுனிக்கு நுனி 16 ஓம் காட்டியது, லேசாகத் தொட்டால் இன்னும் ஏறுகிறது. பல்பின் தடையை விட்டுவிட்டாலும் 1.5-ஐ 16-ஆல் வகுத்தால் 0.09 ஆம்பியர்தான் வருகிறது. தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மின்சாரம் ஓடுகிறது, ஆனால் இழை சிவக்கும் அளவுக்குச் சூடாகவில்லை.

எல்.இ.டி.க்கு இழையைச் சுட வைக்கும் வேலை கிடையாது. ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் கிடைத்தாலே கண்ணுக்குத் தெரியும். 3 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 எடுத்துக்கொள்ளும், மீதி 1 வோல்ட். 16 ஓம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சொல்லப்போனால் கரிதான் அந்த எல்.இ.டி.யைக் காப்பாற்றியிருக்கிறது. ஆணி வைத்தபோது தடையே இல்லாமல் எரிந்திருக்கும். அடுத்த முறை 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கூடவே போடுங்கள்.

சால்டர்புகை
இதைத்தான் நானும் சொன்னேன். கிராஃபைட் கடத்தி.

கரிக்கோல்
நீங்கள் சொன்னது ஒரு வரி சார். ஏன் எரியவில்லை என்று சொல்லவில்லை.

சால்டர்புகை
ஏன் என்று விளக்க இது பொறியியல் வகுப்பு இல்லை. பிள்ளைகளுக்கு எல்.இ.டி. கொடுத்ததே தப்பு. ஒரு பக்கம்தான் எரியும், கொஞ்சம் மின்சாரத்துக்கும் பல்லைக் காட்டும். உப்புத் தண்ணீரில் இரண்டு வயரை விட்டால்கூட எரிந்து தொலைக்கும். டார்ச் பல்புதான் நேர்மையானது.

கரிக்கோல்
உப்புத் தண்ணீரும் கடத்தத்தானே செய்கிறது? எரிந்தால் எல்.இ.டி. உண்மையைச் சொல்கிறது, எரியாத உங்கள் பல்புதான் பொய் சொல்கிறது.

சால்டர்புகை
பொய் சொல்வது பல்பு இல்லை, கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துச் சோதனை செய்பவர்கள்.

ரெண்டுபிள்ளைஅம்மா
டீச்சர் பாவம், நாளைக்கு வகுப்பு இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் தனியாகப் போய்ச் சண்டை போடுங்களேன்.

பழையரேடியோ
இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பல்பு எரியவில்லை என்றால் "இந்தப் பல்புக்குப் போதுமான மின்சாரம் வரவில்லை" என்பது மட்டும்தான் தெரியும். "கடத்தாது" என்று தெரியாது. டீச்சர், நாளை இரண்டு சோதனையையும் தூக்கிப் போட வேண்டாம். பல்புக் குழுவுக்கு இன்னொரு பேட்டரி கொடுங்கள். பென்சிலின் கட்டையை நீளவாக்கில் பிளந்து கரி முழுவதும் வெளியே தெரியும்படி செய்யுங்கள் (இதை நீங்களே செய்துவிடுங்கள், பிள்ளைகள் கையில் பிளேடு வேண்டாம்). ஒரு வயரை ஒரு நுனியில் அழுத்திப் பிடித்து, மற்றதை ஒரு விரல் அகலத்தில் வைத்து மெல்லத் தள்ளிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பக்கத்தில் நன்றாக எரியும், போகப் போக மங்கும். அதைப் பார்த்த பிறகு கடத்தி, கடத்தாதது என்று இரண்டே கட்டம் போடலாமா என்று அவர்களையே கேளுங்கள்.

மறந்துவிட்டேன், கலர் பென்சில் எடுத்துவிடாதீர்கள். அது மெழுகும் சாயமும், கிராஃபைட் கிடையாது.

சால்டர்புகை
ஆறாம் வகுப்புக்கு இரண்டு கட்டம் போதும். மூன்றாவது கட்டம் போட்டால் தேர்வில் குழம்பும்.

கரிக்கோல்
டீச்சர், அந்தச் சாவி என்ன சாவி? மேலே நிறமோ பூச்சோ இருந்ததா? உப்புத்தாளில் ஓர் இடத்தைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள்.

ஆறாம்வகுப்பு டீச்சர்
வகுப்பு முடிந்து வந்தேன், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. இரண்டு பேட்டரியில் முக்கால் பென்சில் வரை இழை சிவப்பாகத் தெரிந்தது, அதன் பிறகு இல்லை. ஜன்னலை மூடிவிட்டுப் பார்த்தோம். பெரிய கூச்சல். ரேடியோ சார், நன்றி. ஒரு பையன் கேட்டான்: "அப்போ ஸ்கேலையும் ரொம்பச் சின்னதா வெட்டினா எரியுமா மிஸ்?" நாளை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்வது?

கரிக்கோல்
மர ஸ்கேலா, பிளாஸ்டிக்கா, இரும்பா?

ரெண்டுபிள்ளைஅம்மா
சாவி என்ன ஆயிற்று டீச்சர்?