டிஃபி-ஹெல்மன்: g=2 போட்டா பாதி எண் வரவே மாட்டேங்குது, உதவி தேவை

போன வாரத்துலேருந்து பைத்தான்ல டிஃபி-ஹெல்மன் போட்டுப் பாக்குறேன், p=23, g=2. a=6, b=15 வச்சா ஓப்பனா அனுப்புறது 18, 16, ரெண்டு பக்கமும் ரகசியம் 4னு சரியா பொருந்துது.

```
pow(16, 6, 23)   # 4
pow(18, 15, 23)  # 4
```

ஆனா a, b எது குடுத்தாலும் 5, 7 மாதிரி எண் ரகசியமா வர்றதே இல்ல, மொத்தமே 11 எண்தான் சுத்திச் சுத்தி வருது, ஒட்டுக்கேக்குறவனுக்கு தேடுற வேலை பாதியா குறையுதே.

g=3 மாத்தினேன், அதே 11. g=22 இன்னும் மோசம், 1, 22 மட்டும்தான். g=5 போட்டா 22 எண்ணும் வருது. p-1 = 2×11, அதனாலதான்னு தோணுது.

p பெருசானா லூப் ஓட்டி எண்ண முடியாது. அப்போ g^2, g^11 மாதிரி p-1ஐ அதோட ஒவ்வொரு பகா காரணியாலயும் வகுத்து வர்ற அடுக்குல மட்டும் 1 வருதான்னு பாத்தா போதுமா?