கிடைக்காத வேலைக்கும் நன்றி சொன்னேன்: கன்சல்டன்சி மேடத்தோடு தொடர்கிற பழக்கம்

திருநகர்க்காரன்

கப்பலூர் சிட்கோவில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு யூனிட்டில் ஆறு வருடமாகத் தரப் பிரிவில் இருக்கிறேன். போன வருடம் ஆடி மாதம், காளவாசல் பக்கம் இருக்கும் ஒரு சின்ன கன்சல்டன்சியிலிருந்து ஒரு மேடம் போன் செய்தார். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர் வேலை இருக்கிறது, உங்கள் பெயரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார்.

பெயரைக் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. முக்கால் மணி நேரம் போனிலேயே என் ரெஸ்யூமைத் திருத்தினார். ஓ-ரிங் லைனில் ரிஜக்‌ஷனைக் குறைத்த விவரத்தை நான் இரண்டாம் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தேன். "இதைப் படிக்கத்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், முதல் பக்கத்துக்குக் கொண்டு வாங்க" என்றார். மூன்று சுற்று நடந்தது. கடைசிச் சுற்றுக்கு ராத்திரி பஸ் பிடித்து ஓசூர் போய் வந்தேன். பன்னிரண்டு நாள் கழித்து அவரே போன் செய்து, வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்றார். "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. என் அப்பா பழங்காநத்தத்தில் முப்பது வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். "அந்தப் பொண்ணு உனக்காக எத்தனை தடவை போன் பண்ணுச்சு, ஒரு வார்த்தை சொன்னியா?" என்றார். அன்றைக்கு ராத்திரியே எழுதினேன். இன்டர்வியூ தேதி சொல்லி அவர் அனுப்பியிருந்த அதே மெயிலுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் சாரம் இது:

"மேடம், ஓசூர் வேலைக்கு என்னைச் சொன்னதற்கும் ரெஸ்யூமைத் திருத்திக் கொடுத்ததற்கும் நன்றி. முடிவை நீங்களே போனில் சொன்னதை மறக்க மாட்டேன். கடைசிச் சுற்றில் கஸ்டமர் புகார் ஒன்றை எடுத்து 8டி ரிப்போர்ட்டைப் படிப்படியாகச் சொல்லச் சொன்னார்கள், நான் மூலகாரணத்தில் தடுமாறினேன். அடுத்து யாரையாவது அங்கே அனுப்பினால் இதைச் சொல்லி அனுப்புங்கள். என் நோட்டீஸ் 60 நாள். ஓசூர், கோவை இரண்டுக்கும் வருவேன், சென்னை முடியாது. அவர்கள் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்."

மறுநாள் காலையில் போன் செய்து உண்மையான காரணத்தைச் சொன்னார். 8டி-யில் தடுமாறியதை அவர்கள் பெரிதாக எடுக்கவில்லையாம். சப்ளையர் இடத்துக்குப் போய் நானே தனியாக ஆடிட் செய்ததில்லை என்பதுதான் குறையாம். அதற்கப்புறம் எங்கள் யூனிட்டுக்கு மோல்டு செய்து தருகிற இடங்களுக்கு மேனேஜரோடு நானும் கேட்டுப் போக ஆரம்பித்தேன்.

ஏழு வாரம் கழித்து, தீபாவளி சமயத்தில் திரும்பவும் போன். தேர்வானவர் சேரவே இல்லை, 15 நாளில் வர முடியுமா என்று கேட்டார். எங்கள் கம்பெனியில் நோட்டீஸைக் குறைக்கவே மாட்டேன் என்றுவிட்டார்கள். ஓசூர்க்காரர்களும் காத்திருக்கவில்லை. ஒரே வேலை இரண்டு தடவை கைவிட்டுப் போனது. இரண்டாவது நன்றியை எழுதத்தான் கை வரவில்லை, நான்கு வரியில் முடித்தேன்.

தை மாதம் அவர் ஒரு மோல்டிங் சூப்பர்வைசர் வேண்டும் என்றபோது, என்னோடு வேலை பார்த்த திருமங்கலம் தம்பி ஒருவரைச் சொன்னேன். அவர் சேர்ந்துவிட்டார். நான் இன்னும் கப்பலூரில்தான் இருக்கிறேன்.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு தடவை எழுதுவது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

விளாங்குடி வாசி

அண்ணே, நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர்களுக்கு ஆள் சேர்ந்தால் கமிஷன் வருகிறது. அதனால்தான் முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள், சேவையாக யாரும் செய்வதில்லை. ஒரு தடவை ரிஜக்ட் ஆகிவிட்டால் அந்தக் கன்சல்டன்சிக்கும் நமக்கும் கணக்கு முடிந்தது. அடுத்து அந்தக் கம்பெனியில் இடம் வந்தால் நேராக நாமே அப்ளை செய்துவிடலாம், இடையில் ஆள் எதற்கு? நான் போட்டேன். ஆனால் பதிலே வரவில்லை.

கே.புதூர் அக்கா

பதினோரு வருடம் கன்சல்டன்சி வேலையில் இருந்தேன், இப்போது குழந்தைகளுக்காக வீட்டில் இருக்கிறேன். விளாங்குடித் தம்பி சொன்னதில் பாதி சரி. பணம் கம்பெனிதான் தரும். பல இடங்களில் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அதுவும் ஆள் சேர்ந்த பிறகுதான். சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் போய்விட்டால், காசு வாங்காமல் இன்னொருவரைக் கொடுக்க வேண்டும் என்று பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். திருநகர் அண்ணனுக்குச் செலவழித்த நேரத்துக்கு அந்த மேடத்துக்கு ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. இலக்கை எட்டாத மாதத்தில் அந்தப் பெண் மேலதிகாரியிடம் என்ன திட்டு வாங்கியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

கணக்கு முடிந்தது என்பது தவறு தம்பி. நாங்கள் ஒருவருடைய ரெஸ்யூமைக் கம்பெனிக்கு அனுப்பினால், அது குறிப்பிட்ட காலம் எங்கள் கணக்கில் நிற்கும். நான் பார்த்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஆறு மாதம், சிலவற்றில் ஒரு வருடம். அதற்குள் நீங்கள் நேராகப் போட்டாலோ வேறு கன்சல்டன்சி வழியாகப் போனாலோ, அவர்களுடைய சிஸ்டத்தில் ஒரே ஆள் இரண்டு தடவை என்று காட்டும். யாருக்குக் காசு தருவது என்ற தகராறு வேண்டாம் என்று சில எச்.ஆர். இரண்டையும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். உங்களுக்கு நடந்தது அதுதானா என்று என்னால் சொல்ல முடியாது. போடுவதற்கு முன் அனுப்பினவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

திருநகர் அண்ணன் மெயிலில் எனக்குப் பிடித்தது, நோட்டீஸும் ஊரும் எழுதியதுதான். தேர்வானவர் நோட்டீஸ் காலத்தில் வேறு ஆஃபர் வாங்கிக்கொண்டு வராமல் போவது எங்களுக்கு வாடிக்கை. அன்று காலையில் பழைய மெயிலைத்தான் திறப்போம். அதில் நன்றி மட்டும் இருந்தால் படித்து மகிழ்வோம். நோட்டீஸ், ஊர், சம்பளம் இருந்தால் உடனே போனை எடுப்போம். அதே மெயில் தொடரில் பதில் எழுதியதும் நல்லது. புதிதாக 'நன்றி' என்று தலைப்புப் போட்டு அனுப்பினால், எந்த வேலை, எந்த ஆள் என்று தேட வேண்டியிருக்கும்.

ஒன்று மட்டும் எழுதாதீர்கள்: "என்னை ஏன் எடுக்கவில்லை, திரும்பக் கேட்டுப் பாருங்கள்." முடிவு எங்கள் கையில் இல்லை.

உசிலம்பட்டி பி.காம்

அக்கா, எனக்கும் ஒருவர் ரெஃபர் செய்தார். என் மாமா பையன், வடபழஞ்சி ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கிறார், அவர் கம்பெனியில் என் பெயரைச் சொன்னார். எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய் அத்தையிடம் பால்கோவா கொடுத்துவிட்டு வந்தேன். கன்சல்டன்சி மேடத்துக்கும் அப்படி ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா? இன்னொன்று, உசிலம்பட்டியில் ஒருவர் வேலை வாங்கித் தருகிறேன் என்று 4,000 ரூபாய் பதிவுக் கட்டணம் வாங்கினார், வேலை வரவில்லை. அவரோடும் தொடர்பில் இருக்க வேண்டுமா?

கே.புதூர் அக்கா

தம்பி, இது மூன்றும் வேறு வேறு. மாமா பையன் செய்தது ஊழியர் ரெஃபரல். உங்களைச் சொன்னால் அவர் பெயரும் அதில் இருக்கிறது. அதனால் இன்டர்வியூ எப்படிப் போனது என்று அவருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும், பால்கோவா அதற்குப் பிறகுதான். கன்சல்டன்சி மேடத்துக்கும் கம்பெனி எச்.ஆருக்கும் எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள், அவர்களுக்குச் சங்கடம்.

4,000 வாங்கினவருக்கு நன்றி எதற்கு? ஆள் தேடுகிற கம்பெனியிடம் காசு வாங்குகிறவர் உங்களிடம் கேட்க மாட்டார். ரசீதோ ஜிபே விவரமோ இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு போலீஸில் புகார் கொடுங்கள்.

மேலூர் டிசைனர்

எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்ற கேள்விக்கு வருகிறேன். நான் மாதம் ஒன்றாம் தேதி வாட்ஸ்அப்பில் ஒரு வணக்கம் போட்டேன். ஐந்தாவது மாதம் நீலக் கோடு வருவது நின்றுவிட்டது. அப்புறம் நிறுத்தினேன், வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது விஷயம் இருந்தால் மட்டும் எழுதுகிறேன். சாலிட்வொர்க்ஸ் சான்றிதழ் வாங்கியபோது எழுதினேன், நோட்டீஸ் 90 நாளிலிருந்து 30 ஆனபோது எழுதினேன். இரண்டுக்கும் பதில் வந்தது.

இன்னொரு விஷயம் தாமதமாகத்தான் புரிந்தது. எனக்கு உதவின சார் புது வேலைகளை வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் அனுப்புவார். அவர் எண்ணை நான் என் போனில் சேமிக்கவே இல்லை. சேமிக்காதவர்களுக்கு பிராட்காஸ்ட் வந்து சேராது. எட்டு மாதம் அவர் அனுப்பியது எதுவும் எனக்கு வரவில்லை, அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளாங்குடி வாசி

அக்கா சொன்ன பிறகு தேதி பார்த்தேன். கன்சல்டன்சி அனுப்பி நான்கு மாதத்தில்தான் நான் நேராகப் போட்டிருக்கிறேன். இப்போது அந்த சாரிடம் என்னவென்று சொல்வது? ஆனாலும் எட்டு மாதம் கழித்து நன்றி சொன்னால் காரியத்துக்காகச் சொல்வதுபோல இருக்காதா?

கே.புதூர் அக்கா

இருக்கலாம் தம்பி. நேராகப் போட்டதையும் சேர்த்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சிலர் கோபித்துக்கொள்வார்கள். நானாக இருந்தால் பதில் போடுவேன். மேலூர் தம்பியிடம் மட்டும் ஒரு மாற்றுக் கருத்து: விஷயமே இல்லாவிட்டாலும் பொங்கலுக்கு ஒரு வரி அனுப்பினால் நான் மகிழ்ந்திருக்கிறேன். ஃபார்வர்ட் படமாக இல்லாமல் பெயர் சொல்லி எழுதினால் போதும்.

திருநகர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. இன்று மத்தியானம் அந்த மேடத்திடமிருந்து மெயில் வந்தது, இந்த மாதக் கடைசியோடு கன்சல்டன்சியை விட்டுப் போகிறாராம். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. அக்கா, என் ரெஸ்யூம் இனி யாரிடம் இருக்கும்?

கே.புதூர் அக்கா

ரெஸ்யூம் கன்சல்டன்சியிலேயே இருக்கும், அவர் எடுத்துப் போகக் கூடாது. அவர் இடத்துக்கு யார் வருகிறார் என்று கேட்டு, நோட்டீஸும் ஊரும் எழுதி அவருக்கு ஒரு மெயில் போடுங்கள். மேடத்தின் சொந்த எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள். ஆபீஸ் மெயில் கடைசி நாளன்றே மூடிவிடுவார்கள், அதற்கு முன்னால் எழுதிவிடுங்கள் அண்ணே.

திருநகர்க்காரன்

சரிங்க அக்கா. மோல்டு சப்ளையர்களிடம் இதுவரை நான்கு ஆடிட்டுக்குப் போய்விட்டேன், கடைசி ஒன்றை நானே தனியாகச் செய்தேன். அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் எழுதுகிறேன்.