Audience பக்கத்துல வயசும் ஊரும் வரவே மாட்டேங்குது, அவசரம்

அல்சூர் அடுப்படி
யூடியூப் ஸ்டூடியோவுல Audience போனா வயசு, ஊர் ரெண்டு கட்டமும் காலி. போதிய தரவு இல்லைன்னு ஒரே ஒரு வரி வருது. எங்க ஏரியா இட்லி மாவு கடைக்காரர் விளம்பரம் தர்றேன்றார். பாக்குறவங்கள்ல பெங்களூர்க்காரங்க எவ்வளவு, என்ன வயசுன்னு ஸ்கிரீன்ஷாட் கேக்குறார். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். இதை எங்க ஆன் பண்றது?

வைட்ஃபீல்டு வாசி
எத்தனை சப்ஸ்க்ரைபர்? 1000 தாண்டினாத்தான் அதெல்லாம் திறக்கும். அதுவரைக்கும் பூட்டுதான்.

தரவுத் தச்சர்
இல்லைங்க. 1000 சப்ஸ்க்ரைபர், 4000 மணி நேரம் எல்லாம் விளம்பர வருமானத்துக்கான கணக்கு. இந்தப் பக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 300 சப்ஸ்க்ரைபர் உள்ள சேனல்லயும் வயசு வரும், 3000 இருந்தும் அந்த மாசம் ஆளே பாக்கலைன்னா வராது.

அடுப்படி, நாலு விஷயம் சொல்லுங்க. ஃபோனா, கம்ப்யூட்டரா? மேல தேதி எத்தனை நாளுக்கு இருக்கு? அந்த நாள்ல எத்தனை வியூ? ஒரு வீடியோவோட கணக்கைப் பாக்குறீங்களா, முழு சேனலையா?

மூத்தகுடி77
இதே கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவை வருது. தேடிட்டுக் கேக்கலாம்ல? இது ஆன், ஆஃப் பண்ற ஸ்விட்ச் இல்ல. 100 வியூ வந்தா தானா வரும். அவ்வளவுதான்.

கோரமங்களா கோடர்
100 இல்ல சார், 50 தனித்தனி ஆளுங்க வேணும்.

தரவுத் தச்சர்
ரெண்டு பேருக்கும்: அந்த எண்ணை யூடியூப் எங்கயுமே வெளியிடல. குறிப்பிட்ட காலத்துல போதிய பார்வை இல்லைன்னா தரவு மட்டுப்படுத்தப்படும்னு மட்டும்தான் உதவிப் பக்கத்துல இருக்கு. 50, 100 எல்லாம் அவங்கவங்க சேனலைப் பாத்து ஊகிச்சது.

மூத்தகுடி77
ஊகம் இல்ல. ஏழு சேனல் பாத்துக்கிறேன், அனுபவத்துல சொல்றேன்.

ஜெயநகர் மாமி
என் பாப்பா பாட்டு சேனல்லயும் இதே கதைதான். குழந்தைகளுக்கானதுன்னு போட்டதும் கமெண்ட் மொத்தமா போயிடுத்து. அதைத் திருப்பி எப்படிக் கொண்டு வரது?

கோரமங்களா கோடர்
மாமி, அது வேற பிரச்சினை. அந்தக் குறி இருக்குற வரைக்கும் கமெண்ட் வராது. தனி இழை போடுங்க.

அல்சூர் அடுப்படி
ஃபோன்தான். 28 நாள்னு இருக்கு. 190 வியூ. முழு சேனல். 212 சப்ஸ்க்ரைபர்.

தரவுத் தச்சர்
அப்போ காரணம் தெரிஞ்சிடுச்சு. 190 வியூன்றது 190 பேர் இல்ல. உங்க வீட்டுல, சொந்தத்துல பத்துப் பேர் திரும்பத் திரும்பப் பாத்தாலே அதுல பாதி ஓடிடும். மிச்சத்துல யூடியூப்ல லாகின் பண்ணிப் பாத்தவங்க மட்டும்தான் வயசுக் கணக்குல சேருவாங்க. லாகின் இல்லாம வாட்ஸ்அப் லிங்க்ல வந்து பிரௌசர்ல பாத்துட்டுப் போனவருக்கு வியூ ஏறும், வயசு ஏறாது.

இதை ஏன் மறைக்கிறாங்கன்னா, பாத்தவங்க அடையாளம் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான். நேத்து உங்க சேனலைப் பாத்தவங்க எட்டுப் பேர்னு வைங்க. அதுல ஒருத்தர் 65க்கு மேல, பெண், ஊர் மைசூருன்னு காட்டினா, அது உங்க பெரியம்மான்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். அவங்க எத்தனை நிமிஷம் பாத்து எங்க நிறுத்தினாங்கன்றதும் தெரிஞ்சிடும். எட்டாயிரம் பேர்ல ஒருத்தர்னா யாருன்னு சொல்ல முடியாது. அதனால ஆள் குறைஞ்சா பெட்டியை மூடிடறாங்க. உங்க சேனலுக்குத் தண்டனை எல்லாம் இல்ல.

செய்ய வேண்டியது:

கம்ப்யூட்டர்ல ஸ்டூடியோ திறந்து Analytics போங்க, Advanced mode அழுத்துங்க. வலது மேல தேதியை Lifetime ஆக்குங்க. முதல்ல Geography பாருங்க, அப்புறம் Cities, கடைசியா Viewer age. இந்த வரிசையில சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஊர் ஐபி முகவரியை வச்சு எடுக்குறது, அதுக்கு லாகின் தேவையில்ல. அதனால சின்ன சேனல்ல பெரும்பாலும் ஊர் முதல்ல தெரியும், வயசு பின்னாடி.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. பெங்களூருன்னு ஃபில்டர் போட்டுட்டு அதுக்குள்ள வயசைத் தேடாதீங்க. ஒவ்வொரு ஃபில்டரும் ஆளைக் குறைக்கும், வந்ததும் போயிடும்.

கோரமங்களா கோடர்
ஏபிஐ வழியா எடுத்தா மறைக்காம வருமான்னு நானும் பாத்தேன். startDate, endDate குடுத்து இதைப் போட்டேன்:

```
ids=channel==MINE
dimensions=ageGroup,gender
metrics=viewerPercentage
```

பிழை எதுவும் இல்ல, ஆனா வரிசையே காலி. அதே வடிகட்டிதான் அங்கயும். startDate-ஐ சேனல் ஆரம்பிச்ச நாளுக்குத் தள்ளினதும் வந்துச்சு.

ஓசூர் பஸ்
எனக்கு வேற மாதிரி. போன மாசம் வயசு தெரிஞ்சுது, இப்போ காணோம். அழிச்சிட்டாங்களா?

தரவுத் தச்சர்
அழிக்கல. 28 நாள்ன்றது நகர்ற ஜன்னல். அந்த மாசம் ஒரு வீடியோ நல்லா ஓடியிருக்கும். அந்த நாட்கள் ஜன்னலை விட்டு வெளிய போனதும் மிச்சம் எல்லைக்குக் கீழ வந்திருக்கும். தேதியை அந்த வாரங்களுக்கு மாத்தி வச்சுப் பாருங்க, அங்கயேதான் இருக்கும்.

வைட்ஃபீல்டு வாசி
அதெல்லாம் சரி, அந்த வயசை நம்பலாமா? என் பையன் கேம் வீடியோ போடுறான். பாக்குறது பூரா அவன் க்ளாஸ் பசங்க. ஸ்டூடியோ 55–64 ஆண்னு காட்டுது!

தரவுத் தச்சர்
டிவியில பாக்குறாங்களா?

வைட்ஃபீல்டு வாசி
ஆமா, எல்லாம் டிவிலதான்.

தரவுத் தச்சர்
டிவியில தாத்தா அக்கவுண்ட் லாகின் ஆயிருக்கும். பேரன் பாத்தாலும் கணக்கு தாத்தா பேர்லதான். யார் சோபாவுல உக்காந்திருக்காங்கன்னு யூடியூப்புக்குத் தெரியாது, எந்த அக்கவுண்ட்ன்றதுதான் தெரியும்.

மூத்தகுடி77
அப்போ இந்த வயசுக் கணக்கே குப்பைன்னு ஒத்துக்குறீங்க.

தரவுத் தச்சர்
பத்து வீட்டு டிவி மட்டும் பாக்குற சேனலுக்குக் குப்பைதான். ஃபோன்ல பாக்குறவங்க அதிகம்னா பரவாயில்ல, ஃபோன் பெரும்பாலும் ஒருத்தர் கையிலதான் இருக்கு.

ஓசூர் பஸ்
ஃபோன்ல ஊர் தப்பா வரும். நான் ஓசூர்ல உக்காந்து மொபைல் டேட்டாவுல பாத்தா பெங்களூருன்னு சொல்லுது. ஒரு தடவை சென்னைன்னு சொல்லுச்சு.

மூத்தகுடி77
ஓசூரும் பெங்களூரும் ஒண்ணுதானே இப்போ. அத்திப்பள்ளி தாண்டினா என்ன வித்தியாசம்.

ஓசூர் பஸ்
வித்தியாசம் இருக்கு சார், மாவு கடைக்காரருக்கு. நான் அல்சூர் வந்து மாவு வாங்க மாட்டேன்.

அல்சூர் அடுப்படி
Lifetime போட்டேன், வந்துச்சு!! ஆனா கணக்கு இடிக்குது. மொத்த வியூ 4300. Cities பட்டியல்ல எல்லா ஊரையும் கூட்டினா 2650தான் வருது. பெங்களூரு 1480. மிச்சம் எங்க போச்சு? வயசுல 35–44 மட்டும் 100%, மத்தது எல்லாம் 0. எங்க அம்மா தினமும் பாக்குறாங்க, அவங்க 61.

கோரமங்களா கோடர்
மிச்ச 1650 ரெண்டு விதமா இருக்கலாம். எந்த ஊர்னு கண்டுபிடிக்க முடியாதது ஒண்ணு. இன்னொண்ணு, ரெண்டு மூணு வியூ மட்டும் வந்த சின்ன ஊர், அதையும் அதே காரணத்துக்காக மறைச்சிருப்பாங்க. மொத்தத்துல இருக்கும், பட்டியல்ல இருக்காது. தப்பு இல்ல.

தரவுத் தச்சர்
கோடர் சொல்றது சரி. கடைக்காரருக்கு என்ன எண் சொல்றதுன்றதுதான் முக்கியம். 1480-ஐ 4300-ஆல வகுத்தா 34%. 2650-ஆல வகுத்தா 56%. ஊர் தெரியாத 1650-லயும் பெங்களூரு வியூ இருக்கத்தான் செய்யும், அதனால 34 ரொம்பக் குறைவு. அதே விகிதம்தான் அங்கயும் இருக்கும்னு உறுதி இல்லாததால 56-ஐ மொட்டையா சொல்றதும் சரியில்ல. "ஊர் தெரிஞ்ச 2650 வியூல 1480 பெங்களூரு"ன்னு அப்படியே எழுதிக் குடுங்க. வியூன்னு எழுதுங்க, ஆளுன்னு எழுதாதீங்க. ஓசூர் பஸ் சொன்ன மாதிரி கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்னும் சொல்லிடுங்க.

அந்த 100%-ஐ அனுப்பாதீங்க. எல்லாரும் 35–44ன்னு அர்த்தம் இல்ல. அந்த ஒரு கட்டம் மட்டும்தான் காட்டுற அளவுக்கு நிரம்பியிருக்கு, மத்த கட்டங்கள் காலியா விடப்பட்டிருக்கு. காட்டுறதை வச்சுத்தான் சதவீதம் வருது. உங்க அம்மா மறைஞ்ச கட்டத்துல இருக்காங்க. குறைஞ்சது மூணு நாலு வயசுக் கட்டமாவது தெரியற வரைக்கும் அதை வச்சு யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க.

மூத்தகுடி77
56%னு போட்டா கடைக்காரர் சந்தோஷப்படுவார். இவ்வளவு விளக்கம் எழுதினா அவர் படிக்கவே மாட்டார். வியாபாரம் தெரியாதவங்க பேச்சு.

வைட்ஃபீல்டு வாசி
மாசாமாசம் அவர் திரும்பக் கேட்டா? அப்பவும் Lifetime-ஏ குடுத்துட்டு இருக்க முடியுமா?

தரவுத் தச்சர்
முடியாது, அதுல பழைய வியூ கலந்துக்கிட்டே வரும். 90 நாள் வச்சுப் பாருங்க, ஊர் மட்டுமாவது வரும். அதுவும் வரலைன்னா 365. நேத்து போட்ட வீடியோவை எண்ணாதீங்க. ஊர், வயசுக் கணக்கு வந்து சேர ரெண்டு மூணு நாள் ஆகும். இன்னொண்ணு, ஸ்டூடியோவோட நாள் பசிபிக் நேரத்துல மாறுது. நமக்கு மதியம் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் அங்க புது நாள் பிறக்கும்.

அல்சூர் அடுப்படி
கடைக்காரர் ஊர் மட்டும் போதும்னுட்டார். 1480 / 2650ன்னே குடுத்தேன். முதல் கேள்வியே "மிச்சம் யாரு"ன்னு கேட்டார். நன்றி எல்லாருக்கும்.

ஜெயநகர் மாமி
கமெண்ட் விஷயம் யாரும் சொல்லலையே. தனி இழை எங்க போடறது?