மணல் மைதானத்தில் குண்டு எறிதல்: க்ளைடுக்கு எப்போது போகலாம்?

தேவிபட்டினம் பி.டி.: எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேர். குண்டு இரண்டுதான், 3 கிலோ ஒன்று, 4 கிலோ ஒன்று. நின்றபடி எறியப் பழகி இரண்டு வாரம் ஆகிறது, முதுகைக் காட்டி நின்று பின்பக்கமாக வழுக்கி வந்து எறிகிற க்ளைடுக்குப் போகலாமா? மைதானம் கடலோர மணல், வலது பக்கம் ஆட்கள் நடக்கிற பாதை, ஆடு வேறு குறுக்கே வரும். இடத்தை எப்படிப் பிரிப்பது?

உப்புக்காற்று: இரண்டு வாரமே அதிகம் சார். நின்றே எறிந்து பழகினால் கால் அங்கேயே வேர் விட்டுவிடும், அப்புறம் நகரச் சொன்னால் நகராது. நான் பள்ளியில் எறிந்தபோது மூன்றாம் நாளே க்ளைடுதான். இடம் ஒரு பிரச்சினையே இல்லை. குண்டு விழ வேண்டிய 34.92 பாகை செக்டரைச் சரியாகக் கோடு போட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

பழைய வட்டம்: தம்பி, அந்தக் கடைசி வரிதான் ஆபத்து. செக்டர் கோடு எறிந்தது செல்லுமா செல்லாதா என்று பார்க்கத்தான், ஆள் உட்காரும் எல்லைக்கு அல்ல. புதிதாக எறிகிற வலது கைப் பிள்ளை கடைசி நொடியில் இடது தோளை இழுத்துவிட்டால் குண்டு இடது கோட்டைத் தாண்டிப் போகும். வியர்வையில் விரலை விட்டு நழுவினால் வலது பக்கம் போகும். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்திருக்கிறேன்.

பி.டி. சார், முதலில் மைதானத்தையே திருப்புங்கள். பாதை எறிபவரின் முதுகுக்குப் பின்னால் வரட்டும், முன்னால் ஆள் புழக்கமில்லாத வேலிப் பக்கம். நடுவில் ஒரு முளை அடித்து, 107 செ.மீ. கயிற்றால் வட்டம் போடுங்கள். உண்மையான விட்டம் 2.135 மீட்டர், பயிற்சிக்கு இது போதும். செக்டருக்குப் பாகைமானி வேண்டாம். அதே முளையிலிருந்து 10 மீட்டரில் இரண்டு புள்ளி, அவை ஒன்றுக்கொன்று 6 மீட்டர் தள்ளி இருந்தால் கோணம் தானாக வந்துவிடும்.

அதற்கு அப்புறம்தான் முக்கியமான கயிறு. வட்டத்தின் நடுவில் குறுக்காக, இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டருக்கு ஒரு தேங்காய்நார்க் கயிறு போடுங்கள். ஒருவர் குண்டோடு வட்டத்தில் இருக்கும்போது அந்தக் கயிற்றுக்கு முன்னால் நீங்கள் உட்பட ஒருவரும் இருக்கக் கூடாது. வரிசை வட்டத்துக்கு 4 மீட்டர் பின்னால். இரண்டு குண்டும் விழுந்து, நீங்கள் "எடு" என்று சொன்ன பிறகு எறிந்தவர்களே நடந்துபோய் எடுத்துக் கையில் கொண்டு வரட்டும். உருட்டிவிடுவதும் தூக்கிப் போடுவதும் கூடாது. ஆடு வந்தால் ஆட்டம் நிற்கும், அவ்வளவுதான்.

தொண்டி ரசிகன்: சுற்றி வலை கட்டாமல் எறியவே கூடாது சார், விதியில் இருக்கிறது.

பழைய வட்டம்: அது வட்டு, சங்கிலிக் குண்டுக்கு. இதற்குக் கூண்டு கிடையாது.

சாயல்குடிக்காரி: நான் கோச் இல்லை, அம்மா. என் மகள் ஆறு மாதமாக எறிகிறாள், முழங்கை உள்பக்கம் வலிக்கிறது என்கிறாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் "பலம் போதவில்லை, இன்னும் எறி" என்று சொல்லிவிட்டார். இது க்ளைடால் வருவதா?

பழைய வட்டம்: வலி இருக்கிறவரை எறிய விடாதீர்கள் அம்மா, டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் அவளுடைய கழுத்தைப் பாருங்கள். நம்ம ஊர் உப்புக் காற்றில் இரும்புக் குண்டு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும், அது ஒரு வகையில் நல்லது. சரியாக எறிகிற பிள்ளைக்குத் தாடைக்குக் கீழே கழுத்தில் துருக்கறை இருக்கும், விரல்களின் அடியில் இருக்கும், உள்ளங்கை நடுவில் இருக்காது. கழுத்து சுத்தமாக இருந்து உள்ளங்கை சிவந்திருந்தால் குண்டு கழுத்தை விட்டு முன்னாலேயே விலகுகிறது, முழங்கை கீழே இறங்குகிறது, கிரிக்கெட் பந்து மாதிரி வீசுகிறாள் என்று அர்த்தம். குண்டைத் தள்ள வேண்டும், வீசக் கூடாது. எடை அதிகமாக இருந்தாலும் முழங்கை இப்படித்தான் தொங்கும். 4 கிலோ என்பது பெரிய பெண்கள் போட்டியில் எறிகிற எடை, எட்டாம் வகுப்புப் பிள்ளை அதில் தொடங்கக் கூடாது.

சாயல்குடிக்காரி: உள்ளங்கைதான் சிவந்திருக்கிறது.

உப்புக்காற்று: சரி, செக்டர் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. ஆனால் க்ளைடைத் தள்ளிப்போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பயந்து பயந்து நின்றே எறிகிற பிள்ளைகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

பழைய வட்டம்: தம்பி சொல்வதில் பாதி நியாயம். வாரக் கணக்கு எனக்கும் பிடிக்காது. நான் பார்ப்பது ஒன்றுதான்: நின்றபடி ஐந்து முறை எறிந்தால் ஐந்திலும் முழங்கை உயரத்தில் இருக்கிறதா, குண்டு போன பிறகு பிள்ளை வட்டத்துக்குள்ளேயே நிற்கிறதா. நின்றால் அடுத்தது க்ளைடு அல்ல, நடந்து எறிவது. முதுகைக் காட்டி நின்று, வலது கால் நடுவுக்கு ஒரு எட்டு, இடது கால் முன்னால், உடனே தள்ளு. இதில் இடது கால் வருவதற்கு முன்பே தோள் முன்னால் திரும்பிவிட்டால் க்ளைடிலும் அதே தப்புதான், வேகமாக வரும்.

க்ளைடில் பிள்ளைகள் மேலே குதிப்பார்கள். இடது கால் பின்பக்கமாகத் தாழ உதைத்து இழுக்க வேண்டும், வலது கால் தரையை ஒட்டி வந்து உடம்புக்கு அடியில் நுழைய வேண்டும். இதைக் குண்டில்லாமல், வெறுங்காலில், அலை வந்து போன ஈர மணலில் செய்யச் சொல்லுங்கள். தடம் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். வலது கால் தடம் இரண்டு தனிக் குழியாக, நடுவில் ஒன்றுமில்லாமல் இருந்தால் குதித்திருக்கிறான். மெல்லிய கீறலாக வந்து, விரல் நுனி இடது பக்கம் திரும்பி முடிந்தால் சரி. பின்னாலேயே பார்த்து முடிந்தால் இடுப்பு திரும்பாது, முழங்கால்தான் முறுக்கிக்கொள்ளும்.

உப்புக்காற்று: அதே முறுக்கலைத்தான் சொல்கிறேன். மணலில் கால் புதைந்து நிற்கும், உடம்பு திரும்பும், முழங்கால் என்ன ஆகும்? என் தம்பிக்குக் கடற்கரையில்தான் அப்படி ஆனது.

பழைய வட்டம்: உலர்ந்த மணலில் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். ஈர மணல் இறுகியிருக்கும். கையில் குண்டு இல்லை, எறிவதும் இல்லை.

உப்புக்காற்று: எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. நான் என்றால் சிமெண்டுத் தரையில்தான் பழக்குவேன்.

தேவிபட்டினம் பி.டி.: நேற்று மாலை போட்டுப் பார்த்தேன். வட்டத்துக்குச் சரளை கொட்டி, நனைத்து, மிதித்து இறுக்கினோம், கால் வழுக்கவில்லை. கால் வட்டத்தைத் தாண்டாமல் தடுக்க முன்னால் பனஞ்சட்டம் ஒன்றைப் போட்டேன், முதல் பையன் மிதித்ததுமே அது புரண்டது, எடுத்துவிட்டேன்.

பழைய வட்டம்: நல்ல வேலை செய்தீர்கள். அசைகிற கட்டையைவிட வெறும் கோடு மேல். முளையடித்து இறுக்கின பிறகு போடலாம்.

தேவிபட்டினம் பி.டி.: ஐந்துக்கு ஐந்து பார்த்ததில் 14 பேரில் நான்கு பேர்தான் தேறினார்கள், அவர்கள் மட்டும் நடந்து எறிகிறார்கள். அதில் ஒருத்தி நின்று எறிந்தால் 6.40, நடந்து எறிந்தால் 6.10. இது எப்படி?

பழைய வட்டம்: நடுவில் ஒரு நொடி நிற்கிறாளா என்று பாருங்கள். வலது கால் ஊன்றி, மூச்சு விட்டு, அப்புறம் இடது கால் வந்தால் நடந்து வந்த வேகமெல்லாம் வீண். இரண்டு கால் சத்தமும் "டக்-டக்" என்று ஒட்டி விழ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், தெரியும்.

தேவிபட்டினம் பி.டி.: இன்று கேட்டேன். "டக்", அப்புறம் ஒரு பெரிய இடைவெளி, அப்புறம் "டக்". ஆடும் கயிற்றுக்குள் வந்தது, நிறுத்தினேன்.